உயிரும் புளிமா, பொருளும் புளிமா

புலவர் சிவப்புப் பென்சிலைக் கூராகச் சீவி வைத்திருந்தார். என் பாட்டின் நாலாவது அடியில், சடையனுக்கும் குப்பனுக்கும் நடுவே அதை வைத்து ஒரு கோடு கிழித்தார். பிறகு குப்பனுக்கும் சங்கனுக்கும் நடுவே ஒன்று. சங்கனுக்கும் காளிக்கும் நடுவே இன்னொன்று. மனிதர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் வெட்டிப் பிரிப்பது போலிருந்தது எனக்கு.

"தளை தட்டுகிறது அம்மா" என்றார். "ஓரிடத்தில் என்றால் கைப்பிழை என்று விட்டுவிடலாம். அடி முழுவதும் தட்டுகிறது."

முள்ளுக்குறிச்சியில், அந்த வட்டாரத்துச் சின்ன ஜமீன்தாரான மிட்டாதாரின் வீட்டுக் கூடம் அது. வாசலில் மிளகு காயப் போட்டிருந்தார்கள். காற்று திரும்பும்போதெல்லாம் நெடி உள்ளே வந்து மூக்கை அரித்தது. மிட்டாதார் சாய்வு நாற்காலியில் இருந்தார். புலவர் சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்; அவருக்கு ஒரு நாற்காலி. எனக்கு நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டுதான் இருந்தேன். அதற்கும் எனக்குக் கோபம்தான். ஆனால் அது அன்றைய கோபங்களில் சின்னது.

"எந்தப் பாவுக்குத் தளை தட்டுதுங்க?" என்று கேட்டேன்.

"ஏன், வெண்பாவுக்கு."

"இது வெண்பா இல்லீங்க. ஆசிரியப்பா."

பென்சில் நின்றது. அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

வழி வந்த கதை

கல்யாணமாகி இரண்டாம் வருஷமே கணவரை இழந்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, ராசிபுரம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வேண்டாம் என்று சொன்ன வேலையை ஒப்புக்கொண்டு நான் கொல்லிமலைக்குப் போன கதையை முன்பே எழுதிவிட்டேன். வளப்பூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) ஓலை வேய்ந்த ஒரு பள்ளிக்கூடம். கட்டடமும் மிட்டாதார் போட்டது, என் சம்பளமும் அவர் கொடுப்பது. வெள்ளைக்காரன் ஆட்சி, யுத்தம் இன்னும் தொடங்கவில்லை.

அந்தக் காலத்தில் மலைக்கு ரோடு கிடையாது. முள்ளுக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஏறுகிறவர்கள் ஒரு பெரும்பாறையைச் சுற்றிக்கொண்டு, வேரைப் பிடித்துத் தொங்கி ஏற வேண்டும். பலாப்பழம் சுமந்து இறங்குகிறவன் ஒரு கையால் பழத்தையும் ஒரு கையால் உயிரையும் பிடித்திருப்பான். காய்ச்சல் கண்டவர்களைத் தூளியில் கட்டி இறக்கும்போது பாதியிலேயே போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு.

அந்தப் பாறையைப் பிளந்து பாதை போடுவதென்று மலைக்காரர்கள் தாங்களே முடிவு செய்தார்கள். மிட்டாதார் கடப்பாரையும் சம்மட்டியும் தந்தார்; வேலை நாட்களில் கூழுக்குத் தானியமும் தந்தார். இல்லை என்று சொல்லமாட்டேன். மலை மிளகை வாங்கி விற்பவர் அவர்தான். பாதை அவருக்கும் வேண்டியிருந்தது.

பத்துப் பேர் வெட்டினார்கள். ஐப்பசி மழையில் மேல் சரிவு மொத்தமாக இறங்கி நல்லானையும் நாகனையும் மூடிவிட்டது. மண்ணை அகற்றி எடுத்தபோது நல்லான் கையில் சம்மட்டி இருந்தது. மற்ற எட்டுப் பேரும் காரியம் முடிந்த மறு வாரமே திரும்பி வந்து மீதிப் பாதையை முடித்தார்கள்.

"பாதை முகப்புல ஒரு கல்லு நடோணும் அம்மிணி. பாட்டா எழுதிக் குடுங்க" என்றார் மிட்டாதார். எழுதினேன்.

எழுதியதும் முதலில் மலையில்தான் படித்துக் காட்டினேன். நல்லானின் மனைவி வெள்ளச்சி தினை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அவரு பேரு அப்படியே வருதுங்களா? திருப்பிப் போடாம, நீட்டாம?"

"அப்படியே வருது."

"நான் சொல்லக் கூடாதுங்க அவரு பேர. இருந்தப்பவும் சொன்னதில்ல. கல்லு சொல்லட்டும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். பெயர்கள் அப்படியே வரட்டும் என்றுதான் நானும் ஆசிரியப்பாவை எடுத்திருந்தேன்.

நேரும் நிரையும்

யாப்பு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது தெரியாமல் எனக்கு நடந்தது புரியாது. பெரிய மாயம் ஒன்றும் இல்லை.

ஓர் எழுத்துத் தனியாக ஒலித்தால், பின்னால் மெய்யெழுத்து ஒட்டியிருந்தாலும் சரி, அது நேரசை. கா, கல், கால் எல்லாம் நேர். குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்து ஒலித்தால் நிரையசை. மலை, நிலா, வழி, குளம் எல்லாம் நிரை. அசைகள் சேர்ந்தது சீர். 'குப்பன்' என்பது குப்-பன்: நேர் நேர், அதற்குத் தேமா என்று வாய்பாடு. 'சடையன்' என்பது சடை-யன்: நிரை நேர், புளிமா. நேரில் முடியும் ஈரசைச் சீருக்கு மாச்சீர் என்று பெயர். 'பெருமழை' போல நிரையில் முடிந்தால் விளச்சீர். மூவசையாகி நேரில் முடிந்தால் காய்ச்சீர்.

ஒரு சீர் அடுத்த சீரோடு எப்படிக் கை கோக்கிறது என்பதுதான் தளை. வெண்பாவும் ஆசிரியப்பாவும் பிரிவது இங்கேதான்.

வெண்பாவில் மாவுக்குப் பின் நிரைதான் வர வேண்டும். விளத்துக்குப் பின் நேர். காய்க்குப் பின்னும் நேர். ஓரிடத்திலும் விலக்கில்லை. ஒன்று தவறினாலும் அது வெண்பா இல்லை. நாலடியும் ஒரு சங்கிலியாக ஓடி, கடைசி அடி மூன்று சீராகக் குறுகி, கடைசிச் சீர் ஓரசையிலோ ஓரசையோடு ஓர் உகரத்திலோ பட்டென்று நிற்கும். அதன் ஓசை செப்பலோசை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கிற ஓசை.

ஆசிரியப்பாவில் இனம் இனத்தோடு சேரும். மாவுக்குப் பின் நேர், விளத்துக்குப் பின் நிரை. அதுதான் அதன் சொந்தத் தளை. ஆனால் மற்றத் தளைகள் வந்தாலும் கதவை அடைக்காது. பெரும்பாலும் ஈரசைச் சீர்கள்; காய்ச்சீர் ஒன்றிரண்டு விருந்தாளியாக வரலாம். நடுவில் நிரை வரும் கனிச்சீர் மட்டும் ஆகாது. அடிக்கு நாலு சீர். குறைந்தது மூன்று அடி. மேலே எல்லை கிடையாது. ஈற்றுக்கு முந்திய அடி மட்டும் மூன்று சீராக வந்தால் நேரிசை. எல்லா அடியும் நாலு சீராக வந்தால் நிலைமண்டிலம். ஏகாரத்தில் முடிப்பது வழக்கம்.

அதன் ஓசைக்கு அகவல் என்று பெயர். அகவுவது என்றால் கூப்பிடுவது. மலையில் ஒரு சரிவில் நின்று எதிர்ச் சரிவில் இருப்பவனைக் கூப்பிடுவார்களே, அந்த நீட்டம் அதில் உண்டு. பெயர் சொல்ல அதைவிடப் பொருத்தமான பா எது?

நான் எழுதியது இது:

வளப்பூர் நாட்டு மலையின் சரிவில்
பாறை பிளந்து பாதை வெட்டக்
கருவியும் கூழும் மிட்டாதார் ஈய,
சடையன் குப்பன் சங்கன் காளி
பொன்னன் மாரி பொம்மன் தீத்தான்
பெருமழை சரித்த மண்ணில் புதைந்த
நல்லான் அவனுடன் நாகன் என்போர்
உயிரும் உழைப்பும் தந்து
வழியிது செய்தனர் வாழிய நெடிதே.

நாலாம், ஐந்தாம் அடிகளைப் பாருங்கள். சடையன், குப்பன், சங்கன், காளி: மா முன் நேர், மா முன் நேர், மா முன் நேர். அடி தாண்டிப் பொன்னனுக்குப் போனாலும் அதேதான். தீத்தான் வரைக்கும் ஓர் இடமும் பிசகவில்லை. அத்தனையும் நேரொன்று ஆசிரியத்தளை. பெற்றவர்கள் வைத்த பெயரை வைத்தபடியே வரிசையாக எழுதினேன், அகவலாகிவிட்டது. 'பெருமழை சரித்த' என்பதில் விளத்தின் பின் நிரை. அது நிரையொன்று ஆசிரியத்தளை. மிட்டாதாருக்கும் ஒரு காய்ச்சீர் ஒதுக்கி விருந்தாளியாக உட்கார வைத்திருந்தேன். மரியாதைக்குறைவு ஒன்றும் செய்யவில்லை.

இந்த வரிசையில்தான் அந்த மனிதர் சிவப்புக் கோடு கிழித்தார்.

எதுகைக்கு வெட்டிய குளம்

"ஆசிரியப்பா என்று எனக்குத் தெரியாதா அம்மா?" என்றார் புலவர். "ஆனால் கல்லில் வெட்டுவதென்றால் அதற்கு ஒரு கட்டுக்கோப்பு வேண்டாமா? அகவல் யார் வேண்டுமானாலும் எழுதலாம். வெண்பா அப்படி இல்லை."

எழுதச் சுலபம் என்பதால் ஒரு பா தாழ்ந்துவிடுமா? அகவலில் எழுதிய பெரியவர்கள் எல்லாரும் வெண்பா வராமல் போனதால்தான் அதை எழுதினார்களா? கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் தன் வெண்பாவை எடுத்து ராகத்தோடு படித்தார்.

வளமார் மலைமேல் வழிசெய்து தந்தார்
உளமார் கொடையால் உயர்ந்தார் – குளமும்
கிணறும் எடுத்த கிழவோன் புகழை
மணமாய் உரைக்கும் மலை.

நேரிசை வெண்பா. ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மா முன் நிரை, காய் முன் நேர், இரண்டாம் அடிக் கடைசியில் தனிச்சொல், எதுகை, மோனை எல்லாம் இருந்தன. கடைசிச் சீர் 'மலை' என்ற ஒற்றை நிரையில் அழகாக நின்றது. இல்லாதது மனிதர்கள் மட்டும்தான். பத்துப் பேரில் ஒருவன் பெயர்கூட இல்லை. பாறை இல்லை, மழை இல்லை, செத்தவர்கள் இல்லை.

"பெயர் ஒண்ணும் வரலீங்களே" என்றேன்.

"வெண்பாவில் சடையனுக்கு அடுத்து குப்பன் வர முடியாதே அம்மா. மா முன் நேர் ஆகிவிடுமே."

"சடையனும் குப்பனும்னு போட்டா வரும். விளம் முன் நேர். சடையனும் குப்பனும் சங்கனும் காளியும். வெண்டளைதானுங்களே?"

அவர் என்னைப் புதிதாகப் பார்த்தார். பொம்பளை தளை பேசுகிறாளே என்ற பார்வை.

"வரும்தான். ஆனால் நாலடியில் பதினைந்து சீர். பத்துச் சீரைப் பெயருக்கே கொடுத்துவிட்டால் மிட்டாதாரை எங்கே வைப்பது?"

"அப்ப பஃறொடை வெண்பா எழுதலாமுங்க. பன்னிரண்டு அடி வரைக்கும் இடமிருக்குது."

"அதைவிட இதுதான் கல்லுக்கு அழகு" என்று முடித்துவிட்டார்.

வெண்பாவைப் பழிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வெண்பா என்ன பாவம் செய்தது? இடமிருந்தும் இடம் இல்லை என்று சொன்னவர் அவர். அந்த இறுக்கத்தை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு மனிதர்களை வெளியே தள்ளினார். இலக்கணத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு செய்யும் அநியாயத்துக்கு மற்ற அநியாயங்களைவிடத் துணிச்சல் அதிகம்.

எனக்கு அன்று உதவியது மிட்டாதாரேதான். அதுவரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்தார்.

"ஏனுங்க புலவரே, நான் எப்பங்க மலையில குளம் வெட்டுனேன்?"

"அது எதுகைக்கு வந்தது ஐயா. வளமார், உளமார், குளமும்."

"கெணறு?"

"குளத்தை ஒட்டிக் கிணறு. மோனைக்கும் ஆயிற்று."

"மலையில எல்லாரும் ஊத்துத் தண்ணிதானுங்க குடிக்கறாங்க. நாளைக்கு எவனாச்சும் கல்லப் பார்த்துப்போட்டு கொளம் எங்கீன்னு கேட்டா, நான் எங்க போயிக் காட்டறது?"

புலவர் தன் வெண்பாவை மடித்து வைத்தார். மிட்டாதார் என் பக்கம் திரும்பி, "சரி அம்மிணி, உங்க பாட்டே இருக்கட்டும். புலவரு பார்த்துக் கல்லுத்தச்சங்கிட்டக் குடுப்பாரு" என்றார்.

நம்பினேன். மலையேறிப் போய் வெள்ளச்சியிடம் சொன்னேன். சடையனிடம் சொன்னேன். பத்துப் பேரில் மூத்தவர் அவர்தான். "கல்லுல எழுதுனா அழியாதுங்களா?" என்று கேட்டார். அழியாது என்றேன்.

திரை விலகியது

தை முடிவில் ஒரு நல்ல நாளில் கல் திறப்பு. பாதையின் முகப்பில் பந்தல் போட்டிருந்தார்கள். மலையிலிருந்து நாடே இறங்கி வந்திருந்தது. தேவனூர் நாட்டிலிருந்தும் ஆட்கள். புதுப் பாதையில் முதல் முதலாகக் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் பயமில்லாமல் இறங்கியதைப் பார்க்கக் கண் நிறைந்திருந்தது. மிட்டாதார் முன் வரிசையில், பக்கத்தில் புலவர். மலைக்காரர்கள் பந்தலுக்கு வெளியே வெயிலில்.

துணியை விலக்கினார்கள். மஞ்சளும் குங்குமமும் வைத்த கருங்கல். நான் கிட்டே போய்ப் பார்த்தேன்.

வளப்பூர் நாட்டு மலையின் சரிவில்
பாறை பிளந்து பாதை வெட்டக்
கருவியும் கூழும் மிட்டாதார் ஈந்து,
பொருளும் உழைப்பும் தந்து
வழியிது செய்தனர் வாழிய நெடிதே.

அடியில் 'இயற்றியவர்' என்று என் பெயர்.

முதலில் புரியவில்லை. நாலடி போயிருந்தது: எட்டுப் பேர், மழை, மண், நல்லான், நாகன். 'ஈய' என்பது 'ஈந்து' ஆகியிருந்தது; அவர் கொடுக்க மற்றவர்கள் செய்தது என்பது போய், கொடுத்து அவரே செய்தது என்றாகிவிட்டது. தேமா போன இடத்தில் இன்னொரு தேமா. 'உயிரும்' என்பது 'பொருளும்' ஆகியிருந்தது. உயிரும் புளிமா, பொருளும் புளிமா. யாப்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

பாட்டு எங்கேயும் நொண்டவில்லை. அதுதான் என்னை எரித்தது. நேரிசை வெண்பாவில் ஓர் அடியை உருவினால் அது நேரிசை வெண்பாவாக நிற்காது. தனிச்சொல் காணாமல் போகும், சங்கிலி அறுந்து காயம் வெளியே தெரியும். ஆசிரியப்பாவோ மூன்று அடிக்குக் குறையாமல் இருந்தால் போதும். நடுவில் நாலடியை வெட்டி எறிந்தாலும், இரண்டு பக்கமும் கூடிக்கொண்டு ஒன்றுமே நடக்காதது போல் நிற்கும். மேலே எல்லை இல்லாத பா என்று எதை நம்பி எடுத்தேனோ, அந்தத் தாராளத்தையே அந்த மனிதர் கத்தியாக்கியிருந்தார்.

'செய்தனர்' என்று நான் எழுதியது பத்துப் பேருக்கான பன்மை. இப்போது அது ஒரே ஒருவருக்கு மரியாதைப் பன்மையாகிவிட்டது. அதற்கு ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பொருள் தந்தவர், உழைப்புத் தந்தவர், வழி செய்தவர் எல்லாம் அவரே. அவர் சட்டையில் சந்தனம் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

புலவரிடம் போனேன்.

"என்னங்க இது?"

"கல்லில் இடம் போதவில்லை அம்மா. உங்கள் பாவை மதித்துத்தான் ஆசிரியப்பாவாகவே விட்டிருக்கிறேன். நேரிசை. ஈற்றயலடி முச்சீர். ஏகார முடிவு. குற்றம் இருந்தால் காட்டுங்கள்."

"மோனைகூடப் போயிருச்சுங்க. உயிரும் உழைப்பும்னு இருந்தது."

அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். இத்தனை பெரிய அநியாயத்துக்கு முன்னால் நின்றுகொண்டு மோனையைப் பற்றிப் பேசினேனே என்று இன்றும் ஆறவில்லை.

"மோனை கட்டாயம் இல்லையே" என்றார் புலவர். அதுவும் சரிதான்.

கூப்பிட்டேன்

"அம்மிணி, கல்லப் படிங்க. எழுதுனவங்க வாயால கேக்கலாம்" என்றார் மிட்டாதார். எனக்கும் புலவருக்கும் நடுவில் நடந்தது எதுவும் தனக்குத் தெரியாது என்பது போல. நிஜமாகவே தெரியாதோ என்று கொஞ்ச நாள் யோசித்தேன். ஆனால் கல் ஒரு வாரமாக அவர் வீட்டு வாசலில்தான் கிடந்ததாம்.

கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் அடி படித்தேன். இரண்டாம் அடி. மூன்றாம் அடியில் 'ஈந்து' என்று வெட்டியிருந்த இடத்தில் 'ஈய' என்றேன். பிறகு கல்லைப் பார்க்கவில்லை. பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றவர்களைப் பார்த்து,

"சடையன்" என்றேன்.

வேண்டுமென்றே நீட்டினேன். அகவலை அப்படித்தான் சொல்ல வேண்டும். என் குரல் பாறையில் பட்டுத் திரும்பியது.

சடையன் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். "வாரேனுங்க" என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தை விலக்கி, தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டியபடி பந்தலுக்குள் வந்து நின்றார்.

"குப்பன், சங்கன், காளி."

அவர்களும் வந்தார்கள். எதற்கென்று தெரியாமல்தான் வந்தார்கள். பெயர் சொன்னால் வருவது அவர்கள் பழக்கம். பொன்னன், மாரி, பொம்மன், தீத்தான். எட்டுப் பேரும் கல்லுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். சந்தனக் கிண்ணம் ஏந்தி நின்றவன் வழிவிட்டு ஒதுங்கினான்.

"பெருமழை சரித்த மண்ணில் புதைந்த நல்லான்."

யாரும் வரவில்லை. ஒரு குழந்தை அழுதது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து வெள்ளச்சி எழுந்தாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து வந்து, தீத்தானுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அவனுடன் நாகன்" என்றேன். நாகனின் தகப்பனார் வந்தார்.

"என்போர் உயிரும் உழைப்பும் தந்து வழியிது செய்தனர்."

'செய்தனர்' என்றபோது, அது யார் யார் என்று எல்லாருக்கும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. 'வாழிய நெடிதே' என்று முடித்தேன். கை தட்ட யாருக்கும் தோன்றவில்லை.

மிட்டாதார் எழுந்து போய்விட்டார். புலவர் கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கல்லில் இல்லாததைப் படித்தீர்களே அம்மா" என்றார்.

"எழுதுனது நான்தானுங்களே. கீழே பேரு போட்டிருக்குதே."

வெள்ளச்சி என் கையைப் பிடித்தாள். "இன்னொருக்கா சொல்லுங்க டீச்சரம்மா."

"முழுசுமா?"

"அவரு பேரு வர்ற எடம் மட்டும்."

சொன்னேன். அவள் உதடும் கூடவே அசைந்தது. சத்தம் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

பிறகு

பங்குனிக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம் என்று ஆள் வந்து சொன்னான். காரணம் கேட்டேன். "எனக்கென்னங்க தெரியும்" என்றான். ஓலைக் கட்டடம் அந்த வருஷத்து மழையோடு விழுந்தது; யாரும் எடுத்துக் கட்டவில்லை. முப்பது குழந்தைகள் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிளகு பறிக்கப் போனார்கள். என் நாலடியின் விலை அந்தக் குழந்தைகள் தலையில் விழுந்தது. அதை நினைத்தால் மிட்டாதார் மேல் இன்றைக்கும் என் பல் கடிபடுகிறது.

அந்தப் பாட்டை வேறொரு கல்லில் வெட்ட மலைக்காரர்கள் கேட்டார்கள். ஊர் ஊராகக் கல்தச்சர்களிடம் போனேன். மிட்டாதார் பெயரைக் கேட்டதும் எவரும் உளியை எடுக்கவில்லை. எழுதி வைத்தும் பயனில்லை என்று தோன்றியதால், வெள்ளச்சிக்கும் சடையன் வீட்டாருக்கும் அதை வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு மலையிறங்கினேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரித் தமிழாசிரியர் அந்தக் கல்லைப் பார்த்து வந்து என்னிடம் பேசினார். நேரிசை ஆசிரியப்பாவுக்கு வகுப்பில் அதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறாராம். "அளவான பாட்டு அம்மா. ஒரு சீர் மிகையில்லை, ஒரு சீர் குறையில்லை" என்று மனமாரப் பாராட்டினார்.

அவர் சொன்னது சரி. அந்தக் கல்லில் யாப்புக் குற்றம் ஒன்றுகூடக் கிடையாது.